கடல் பக்கமா, வயல் பக்கமா?

கல்குடாவிலயோ பாசிக்குடாவிலயோ இருந்து உள்வீதியால வந்து வாழைச்சேனையில ஏ15 பெரிய ரோட்டைத் தொடுறவங்க எல்லாரும் ஒரு கேள்வி கேட்பாங்க: "மட்டக்களப்பு பஸ்ஸுக்கு இந்தப் பக்கமா நிக்கிற, அந்தப் பக்கமா?" கேட்டா யாரும் சொல்லுவாங்க, அதில வெட்கம் ஒன்றும் இல்ல. ஆனா பின்னேரம் ஆறரை மணிக்குப் பிறகு சந்தியில ஆள் குறைஞ்ச நேரத்தில, கிளினிக் போன அம்மாவைக் கூட்டி வரப் போற பிள்ளைக்கு யார் சொல்றது?

நம்ம நாட்டில வாகனம் இடது பக்கத்தால போகுது. பஸ்ஸின் கதவும் இடது பக்கம்தான். அதால நீங்க போகப்போற திசையைப் பார்த்து நின்றா, ரோடு உங்கட வலது கைப் பக்கம் இருக்கணும். இதை நம்ம கரையோரத்துக்கு ஏற்ற மாதிரி இன்னும் சுருக்கலாம். கிழக்குக் கரையில தெற்கே போறவருக்கு இடது கைப் பக்கம் கடல். ஆகவே மட்டக்களப்பு, கல்முனை போறவங்க கடல் பக்கக் கரையில நிக்கணும். ஓட்டமாவடி, திருகோணமலை போறவங்க ரோட்டைத் தாண்டி வயல் பக்கக் கரைக்குப் போகணும். கடலைத் தேடினா போதும், திசைகாட்டி தேவையில்ல.

ஒரு எச்சரிக்கை. வெள்ளவத்தையில தங்கிப் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இது அப்படியே தலைகீழ். அங்க கடல் மேற்கில இருக்கு. காலி வீதியில புறக்கோட்டைக்குப் போறது வடக்கே போற பயணம். அதுக்குத்தான் கடல் பக்கக் கரை. தெஹிவளை போறவர் எதிர்ப் பக்கம் நிக்கணும். பிரான்சிலயோ கனடாவிலயோ இருந்து விடுமுறைக்கு வாற சொந்தக்காரங்க நிலைமை வேற: அங்க வாகனம் வலது பக்கத்தால போகுது, பழகின கால் தானாவே மறுகரைக்குப் போயிடும்.

ஆனா மக்கள் உண்மையில தடுமாறுறது இடது வலதில இல்ல, ஊர் எந்தத் திசையில இருக்கு என்று நினைக்கிறதிலதான். கொழும்பை எடுங்க. வரைபடத்தில வாழைச்சேனைக்குத் தென்மேற்கில இருக்கு. அதால தெற்கே போற பஸ்ஸுக்கு நிக்கணும் என்று தோணும். பொலன்னறுவை வழியாப் போற கொழும்பு பஸ் முதல்ல வடக்கே ஓட்டமாவடிப் பாலம் தாண்டி, பிறகுதான் ஏ11 இல திரும்பி புணானை, வெலிக்கந்தை என்று மேற்கே ஓடும். வயல் பக்கக் கரைதான் சரி. பதுளையும் தென்மேற்கிலதான் இருக்கு, ஆனா அதுக்கு முதல்ல தெற்கே செங்கலடிக்குப் போய் அங்கிருந்து ஏ5 ரோட்டைப் பிடிக்கணும். அப்போ கடல் பக்கக் கரை. கண்டிக்கு ரெண்டு வழியாலயும் போகலாம். எந்த வழியால வாற பஸ் என்று தெரியாம கரையைத் தீர்மானிக்கவே ஏலாது. போய்ச் சேர்ற ஊரை விடுங்க, பஸ் அடுத்ததா தொடுற ஊர் எது என்று மட்டும் பாருங்க.

பஸ்ஸின் பலகை உதவுமா? பாதிக்குத்தான். அதில வழமையா ரெண்டு முனையும் எழுதியிருக்கும். போகும்போதும் அதே பலகை, வரும்போதும் அதே பலகை. "மட்டக்களப்பு" என்ற எழுத்தைக் கண்டு கை காட்டினா, மட்டக்களப்பில இருந்து புறப்பட்டு வாற பஸ்ஸும் நிக்கும்.

நடுவில திட்டுப் போட்ட ரோட்டில இந்தத் தவறுக்கு விலை கூட. சாதாரண ரோட்டில பஸ் வாறதைக் கண்டதும் கையைக் காட்டிக்கொண்டே தாண்டி ஓடலாம் (ஓடக்கூடாதுதான், ஓடுறோம்). காத்தான்குடிப் பிரதான வீதியைப் போல நடுத்திட்டில பேரீச்ச மரம் வளர்ந்து நிக்கிற இடத்தில, எதிர்ப் பக்கம் வாற பஸ் தெரியிறதே பிந்தித்தான். அதுக்குப் பிறகு திட்டு வெட்டின இடத்தைத் தேடிப் போகணும். நடக்க ஏலாத ஒரு மூத்தம்மாவுக்கு அந்த பஸ் போனது போனதுதான். அவசரத்தில திட்டின் மேல ஏறிக் குதிக்கிறவருக்கு, மற்றப் பக்கம் இறங்கும்போது வாகனம் எந்தப் பக்கத்தால வருதென்று பார்க்கவும் நேரமிருக்காது.

இதுக்குத் தீர்வாப் போனைக் காட்டுறாங்க. வரைபடத்தில நீலப் புள்ளி சில மீட்டர் தள்ளி நிக்கும்; ரோட்டின் அகலமும் சில மீட்டர்தான். எந்த ரோட்டில நிக்கிறீங்க என்று அது சொல்லும், எந்தக் கரையில என்று நம்ப முடியாது.

நான் கேட்கிறது பெயின்ட் செலவு மட்டும். நான் பார்த்த தரிப்பிடங்கள்ல ஊர்ப் பெயர் இருக்கு, கட்டித் தந்தவரின் பெயர் பெரிசா இருக்கு, பஸ் எங்க போகுது என்றது இல்ல. ஒரு கரையில "கிரான், சித்தாண்டி, மட்டக்களப்பு" என்றும் மறுகரையில "ஓட்டமாவடி, புணானை, பொலன்னறுவை" என்றும் மூன்று மொழியில எழுதினா, ஆறரை மணிக்கும் அந்தப் பலகை அங்கேயே நிக்கும்.