விமானம் ரத்தானால் டிக்கெட் பணம் மட்டும்தானா? 10,000 ரூபாய் இழப்பீடு யாருக்கு, எப்போது கிடைக்கும்?

2025 டிசம்பர் 5ஆம் தேதி. டெல்லியிலிருந்து கிளம்ப வேண்டிய இண்டிகோவின் உள்நாட்டு விமானங்கள் எல்லாம் நள்ளிரவு வரை ரத்து என்று அறிவிப்பு வந்தது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் விமான நிலையங்களிலும் கூட்டம் கூட்டமாகப் பயணிகள் தவித்தார்கள். டிசம்பர் 3 முதல் 5 வரையிலான மூன்றே நாட்களில் 2,507 விமானங்கள் ரத்தாகின, 1,852 விமானங்கள் தாமதமாகின, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ பின்னர் தெரிவித்தது.

டிக்கெட் பணம் பலருக்குத் திரும்பி வந்துவிட்டது. 'பணம்தான் வந்துடுச்சே, இனி என்ன?' என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. ஆனால் திரும்பி வந்த டிக்கெட் பணம் வேறு, இழப்பீடு வேறு. முதலாவது, பயணி கொடுத்த பணம் அவருக்கே திரும்பி வருவது. இரண்டாவது, கடைசி நேரத்தில் அவரைத் தவிக்க விட்டதற்கு விமான நிறுவனம் தர வேண்டியது.

எப்போது இழப்பீடு உண்டு?

இதற்கான விதிகளை டிஜிசிஏ வகுத்துள்ளது. விமானம் ரத்தாவதை இரண்டு வாரங்களுக்கு முன்பே பயணியிடம் சொல்லிவிட்டால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம் கொடுத்தால் போதும். இரண்டு வாரத்துக்குள், ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்பு சொன்னால், பழைய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானத்தை ஏற்பாடு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இப்படி முறையாகச் சொல்லாமல் கடைசி நேரத்தில் ரத்து செய்தால்தான் இழப்பீடு. எவ்வளவு என்பது பயண நேரத்தைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை 7,500 ரூபாய். அதற்கு மேல் 10,000 ரூபாய். லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகும் சிறிய விமானங்கள் நடுவில் உள்ள 7,500 ரூபாய் பிரிவில் வரும்.

ஆனால் பலரும் கவனிக்காத ஒரு வரி இதில் இருக்கிறது. இந்தத் தொகை, அல்லது ஒருவழிப் பயணத்தின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். அதாவது 10,000 என்பது உச்சவரம்பு. எல்லோருக்கும் அப்படியே கைக்கு வரும் தொகை அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தட்டாஞ்சாவடியில் வசிக்கும் ஒருவர் டிசம்பர் 5ஆம் தேதி டெல்லியிலிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து புதுச்சேரி வருவது அவர் திட்டம். மொத்தம் கட்டியது 7,400 ரூபாய். அதில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் 6,200 ரூபாய். மீதி, விமான நிலையக் கட்டணமும் வரியும். ரத்தானதாக அன்று காலையில்தான் எஸ்எம்எஸ் வந்தது.

அவருக்கு 7,400 ரூபாய் முழுசாகத் திரும்ப வர வேண்டும். டெல்லி - சென்னை பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்பதால் 10,000 ரூபாய் பிரிவில் வருகிறார். ஆனால் 10,000, 6,200 இரண்டில் 6,200தான் குறைவு. ஆக, இழப்பீடு 6,200 ரூபாய். மொத்தம் அவர் கைக்கு வர வேண்டியது 13,600 ரூபாய். இதே டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் 12,000 ரூபாயாக இருந்திருந்தால், இழப்பீடு 10,000 ரூபாயோடு நின்றுவிடும்.

இண்டிகோ அறிவித்த வவுச்சர் இதில் சேராது. டிசம்பர் 3, 4, 5 தேதிகளில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய்க்கு வவுச்சர் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அடுத்த 12 மாதங்களுக்குள் இண்டிகோவில் பயணம் செய்தால்தான் அதற்கு மதிப்பு. விதிப்படியான இழப்பீட்டுக்கு மேல் கூடுதலாகத்தான் இதைத் தருவதாக நிறுவனமே சொன்னது. எனவே 'வவுச்சர் வாங்கிட்டீங்க, இழப்பீடு கிடையாது' என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

ஏஜென்டின் செல்போன் எண்: சின்ன விஷயம், பெரிய சிக்கல்

டிக்கெட் போடும்போது சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்றும் விதி சொல்கிறது. தெரிந்த டிராவல்ஸ் மூலம் டிக்கெட் எடுப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பல நேரங்களில் பயணியின் எண்ணுக்குப் பதில் ஏஜென்டின் எண்ணே பதிவாகியிருக்கும். ரத்து பற்றிய எஸ்எம்எஸ் ஏஜென்டுக்குப் போகும், பயணிக்கு விமான நிலையத்துக்குப் போன பிறகுதான் விஷயமே தெரியும். 'நாங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டோம்' என்று நிறுவனம் வாதிட இது வழி கொடுத்துவிடும். டிக்கெட் கைக்கு வந்ததும் அதில் யாருடைய எண், யாருடைய இமெயில் இருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்வது நல்லது. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட் என்றாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே உண்டு.

'எங்கள் கையில் இல்லை' என்று சொன்னால்?

இழப்பீடு கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். வெள்ளம், கலவரம், மோசமான வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல், வேலைநிறுத்தம், அரசு உத்தரவு என நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று விதியே சொல்கிறது.

இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 2007 டிசம்பரில் டெல்லியில் மூடுபனி. ஹைதராபாத் போக வேண்டிய ஒரு பயணி பல மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார வேண்டியதானது. ஹைதராபாத் நிரந்தர மக்கள் நீதிமன்றம் அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூடுபனிக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றது. அதேசமயம், காரணம் எதுவாக இருந்தாலும் சிக்கிக்கொண்ட பயணிகளுக்கு உணவு, தண்ணீர் போன்ற அடிப்படை வசதிகளைச் செய்து தரும் கடமையிலிருந்து நிறுவனம் தப்ப முடியாது என்றும் சொன்னது.

அப்படியானால் டிசம்பர் 2025 எந்த ரகம்? விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. புதிய விதிகளின்படி வாராந்திர ஓய்வு ஏற்கெனவே 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாகியிருந்தது. இரண்டாம் கட்டத்தில் இரவில் தரையிறங்கும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு வந்தது. அரசு விதிதானே காரணம் என்று கேட்கலாம். ஆனால் அந்த விதி வரப்போவது எல்லா நிறுவனங்களுக்கும் முன்கூட்டியே தெரியும். 2026 ஜனவரியில் டிஜிசிஏ இண்டிகோவுக்கு 22.20 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, நிறுவனத்தின் திட்டமிடல் குறைபாட்டைத்தான் சுட்டிக்காட்டியது. பயணிகளுக்கு இது வலுவான ஆதாரம். அபராதம் அரசுக்குப் போகும் பணம்; பயணியின் இழப்பீடு அதில் அடங்காது.

தாமதத்துக்கும் பணம் உண்டா?

ரத்துக்கு உள்ளதுபோல் தாமதத்துக்கு டிஜிசிஏ விதியில் ரொக்க இழப்பீடு கிடையாது. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் என்றால், இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே சாப்பாடு தர வேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் கேட்கலாம். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஓட்டல் அறையும் உண்டு.

பெட்டி வரவில்லையா? வெளியே வராதீர்கள்

பெட்டிக்கு வேறு சட்டம். விமானப் போக்குவரத்துச் சட்டம், 1972-இன்படி உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ, சேதமானாலோ, தாமதமானாலோ ஒரு பயணிக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய் வரைதான் நிறுவனத்தின் பொறுப்பு. இதுவும் உச்சவரம்புதான். உள்ளே என்ன இருந்தது, அதன் மதிப்பு என்ன என்று காட்ட வேண்டும். அதைவிட விலை உயர்ந்த பொருள் என்றால், செக்-இன் நேரத்திலேயே மதிப்பை அறிவித்து கூடுதல் கட்டணம் கட்டலாம்.

பெட்டி வரவில்லை என்று தெரிந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே நிறுவனத்தின் கவுன்டரில் புகார் எழுதிக் கொடுத்து 'பிஐஆர்' எனப்படும் புகார் எண்ணை வாங்க வேண்டும். போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் பெட்டி டேக்கைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. பெட்டி உடைந்து வந்தால் 7 நாட்களுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். போனில் சொன்னது மட்டும் போதாது. 21 நாட்களாகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம்.

புதுச்சேரியிலிருந்தே வழக்குப் போட முடியுமா?

முடியும். முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் தரலாம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம்.

ரேஷன் கார்டு வேலையாகப் பலரும் போய்வரும் தட்டாஞ்சாவடி அலுவலகம், குடிமைப் பொருள் வழங்கலோடு நுகர்வோர் விவகாரத்தையும் பார்க்கும் துறையுடையது. ஆனால் இழப்பீடு கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். டிக்கெட் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே மனு போடலாம்.

நம் கணக்கில் வந்த பயணி, டெல்லியில் இரண்டு நாள் லாட்ஜில் தங்கி, ரயிலில் ஊர் திரும்பியிருந்தால் அந்தச் செலவு 6,200 ரூபாய்க்குள் அடங்காது. அதை ஆணையத்தில்தான் கேட்க முடியும். அதற்கு லாட்ஜ் பில், ரயில் டிக்கெட், ரத்தானதாக வந்த எஸ்எம்எஸ் மூன்றும் வேண்டும். வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம். டிசம்பர் 5ஆம் தேதி ரத்தான டிக்கெட் என்றால், 2027 டிசம்பர் 5க்குள் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.