90 வெள்ளி கொடுக்கிறோம் என்று பெருமைப்படுவதற்கு முன்னால், எத்தனை மணி நேரத்துக்கு என்று எண்ணிப் பாருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிச்சிட்டுத் திட்டணும்னா திட்டுங்க.

போன வாரம் நம்ம ஆலயத்துல ஒரு பேச்சு வந்தது. மடப்பள்ளியில் பாத்திரம் கழுவி, பிராகாரம் கூட்டி, விளக்கு துடைக்கும் அக்காவுக்கு ஒரு நாளைக்கு 90 வெள்ளி சம்பளம். வாரத்துக்கு ஆறு நாள். சம்பளத்தைக் கூட்டலாமான்னு ஒருத்தர் கேட்டார். நிர்வாகத்துல இருந்து வந்த பதில்: “அரசாங்கம் சொன்னதே 65 வெள்ளி 38 காசுதான். நாம 90 கொடுக்கிறோம். இதுக்கு மேல என்ன?”

எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். அர்ச்சனைச் சீட்டு முகப்புல உட்காருகிற எனக்கு, வீட்டுக்குப் போன பிறகுதான் உறுத்துச்சு. அக்கா எத்தனை மணிக்கு வர்றாங்க, எத்தனை மணிக்குப் போறாங்கன்னு யாருமே கேட்கலை. அந்த நேரத்தைக் கேட்காம 90 போதுமா போதாதான்னு சொல்லவே முடியாது.

முதல்ல அந்த 65.38 என்னன்னு பார்ப்போம். 2025 பிப்ரவரி 1 முதல் மலேசியாவில் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஆகஸ்ட் 1 வரை தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணையும் முடிஞ்சாச்சு. வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு அந்த 1,700 நாள் கணக்கில் 65.38 ஆகும். மணிக் கணக்கில் 8 வெள்ளி 72 காசு. வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. 45-ஐ ஆறு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். அதாவது 65.38 என்பது ஏழரை மணி நேர வேலைக்கான கூலி. காலையில் நடை திறந்து இரவில் நடை சாத்தும் வரைக்குமான கூலி இல்லை.

இப்போ அக்காவோட நாளைப் பாருங்க. காலை 6 மணிக்கு வர்றாங்க. நடுவில் பசியாற அரை மணி நேரம். பகல் 12.30-க்கு நடை சாத்துகிறோம். மறுபடி மாலை 5 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு முடிகிறது. நிர்வாகத்தின் கணக்குப்படி காலையில் 6 மணி நேரம், மாலையில் 4 மணி நேரம், ஆக 10 மணி நேரம். 90-ஐ 10-ஆல் வகுத்தால் மணிக்கு 9 வெள்ளி. 8.72-ஐ விட அதிகம். “பார்த்தீங்களா, சரியாத்தானே இருக்கு?” என்பார்கள்.

இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 60A என்று ஒரு பிரிவு இருக்கு. ஒருவர் காலையில் வேலை தொடங்கிய நிமிடத்திலிருந்து பத்து மணி நேரத்தை அது எண்ணச் சொல்கிறது. இடையில் ஓய்வு விட்டாலும் அந்த ஓய்வும் இந்தப் பத்துக்குள்ளேயே சேரும். அந்தப் பத்து மணி நேரம் முடிந்த பிறகு செய்கிற வேலை முழுவதும் ஓவர்டைம். அதுக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கணும்.

அக்கா 6 மணிக்குத் தொடங்கினால் மாலை 4 மணிக்கு அந்தப் பத்து மணி நேரம் முடிஞ்சிடுது. நாம மறுபடி நடை திறப்பதே 5 மணிக்கு. ஆக, மாலை 5-லிருந்து 9 வரை உள்ள நாலு மணி நேரமும் ஓவர்டைம்தான். மத்தியானம் வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கிட்டு வந்திருந்தாலும் ஓவர்டைம்தான். காலையும் மாலையும் திறந்து மத்தியானம் சாத்துகிற எந்தக் கோயிலுக்கும் இந்த விதிதான் பெரிய கண்ணி. கடைக்காரருக்கோ தொழிற்சாலைக்காரருக்கோ இது இவ்வளவு இடிக்காது. நமக்கு தினமும் இடிக்கும்.

கணக்கைப் போடுவோம். காலை 6 மணி நேரத்துக்கு, மணிக்கு 8.72 வீதம் 52 வெள்ளி 32 காசு. மாலை 4 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 13.08 வீதம் இன்னொரு 52.32. மொத்தம் 104 வெள்ளி 64 காசு. நாம கொடுப்பது 90. ஒரு நாளைக்கு 14.64 குறைவு. மாதம் 26 நாளுக்கு 380 வெள்ளி 64 காசு.

இது நிர்வாகத்துக்கு ரொம்பச் சாதகமா, எல்லா இடத்திலும் குறைத்துப் போட்ட கணக்கு. நாள் கூலிக்கு வைத்தவருக்குக் காலைப் பகுதிக்கே முழு 65.38 கொடுக்கணும்னு கேட்டால் தொகை இன்னும் ஏறும். அதை விடுங்க. 12.30-க்கு நடை சாத்தினதும் அக்கா கையைத் துடைச்சிட்டுக் கிளம்பிடறாங்கன்னு நான் எடுத்துக்கிட்டேனே, அது உண்மையா? அன்னதானம் முடிந்து அண்டாவும் தட்டும் கழுவி அடுக்க 2 மணி ஆகுது. அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சேர்த்தால் பகல் வேலை ஏழரை மணி நேரம், 65.40. மாலைக்கு 52.32. மொத்தம் 117 வெள்ளி 72 காசு. ஓவர்டைமையே மறந்துட்டு வெறும் வகுத்தல் போட்டாலும், 90-ஐ பதினொன்றரை மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 7 வெள்ளி 83 காசுதான் வருது. இதுக்குச் சட்ட நுணுக்கம் எதுவும் வேண்டாம். நாலாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. 8.72-க்குக் கீழே.

இன்னும் ஒரு படி இருக்கு. 2 மணியிலிருந்து 5 மணி வரைக்கும் அக்கா எங்கே இருக்காங்க? ஸ்டோர் ரூமில் பாய் விரிச்சுப் படுத்திருக்காங்க. பூக்காரர் வந்தா கதவைத் திறக்கணும். கேஸ் தோம்பு வந்தா எண்ணி வாங்கணும். யாராவது பரிகாரம் கேட்டு வந்தா “அஞ்சு மணிக்கு வாங்க”ன்னு சொல்லணும். “சும்மாதானே படுத்திருக்காங்க, அதுக்கு என்ன சம்பளம்?” என்று கேட்கிறவர்களுக்கு அதே 60A பிரிவு பதில் சொல்லுது. முதலாளி கூப்பிட்டால் வரவேண்டிய நிலையில், தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கும் நேரம் வேலை நேரம்தான். கை ஓய்ந்திருக்கா என்பது கேள்வி இல்லை. கேட்டைத் தாண்டிப் போக முடியுமா என்பதுதான் கேள்வி. அக்காவால் போக முடியாது. சாவி அவங்க இடுப்பில் இருக்கு.

அந்த மூன்று மணி நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாளைக்குப் பதினாலரை மணி நேரம். ஏழரைக்கு மேல் உள்ள ஏழு மணி நேரமும் ஓவர்டைம், 91.56. முழுத் தொகை 156 வெள்ளி 96 காசு. நாம கொடுக்கும் 90 மணிக்கு 6 வெள்ளி 21 காசு. அதோட நிற்கலை. அவசர காரணம் இல்லாமல் ஒருவரை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கவே கூடாது. காசு கூட்டிக் கொடுத்தும் இதைச் சரிக்கட்ட முடியாது. மாதத்துக்கு ஓவர்டைம் வரம்பு 104 மணி நேரம். தினம் நாலு மணி நேரம் வீதம் 26 நாளுக்குச் சரியாக 104 வந்துடுது. அப்போ நவராத்திரியில் ஒரு மணி நேரம் கூடுதலா நிறுத்தினாலே வரம்பு தாண்டியாச்சு.

இப்போ வழக்கமா வரும் பதில்களுக்கு வருவோம்.

“மூணு வேளை சாப்பாடு போடுறோமே.” போடுங்க, புண்ணியம். ஆனால் குறைந்தபட்ச சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம். பிரசாதத்துக்கு விலை போட்டு அதில் கழிக்க முடியாது. பக்தர்கள் அன்னதானத்துக்குக் கொடுத்த உபயத்தை அக்காவோட கூலியில் கழிச்சுக்கணும்னு எந்த உபயக்காரர் சொன்னார்?

“சாமி காரியத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?” இதைச் சொல்றவங்க என்னை மாதிரி தொண்டூழியர்கள்தான். நான் செய்வது தொண்டு. முடியலைன்னா வாட்ஸ்அப்பில் “இன்னிக்கு வர முடியலை” என்று போட்டுட்டு வீட்டில் இருப்பேன். எனக்குச் சம்பளம் வேற இடத்தில் வருது. அக்கா வரலைன்னா அன்னிக்கு 90 வெள்ளி போச்சு. அவங்க தொண்டை அவங்கதான் கொடுக்கணும். நாம எடுத்துக்கக் கூடாது.

“கோயிலில் காசு இல்லை.” இதை மட்டும் நான் மதிக்கிறேன். சின்னக் கோயில்களின் உண்டியலை நானும் எண்ணியிருக்கேன். ஆனால் காசு இல்லைன்னா மாத்த வேண்டியது நேர அட்டவணையை. காலை 6-லிருந்து 2 வரைக்கும் அக்கா இருக்கட்டும். மாலை 5-லிருந்து 9-க்கு இன்னொருவரை மணிக் கூலிக்கு வையுங்க. நாலு மணி நேரத்துக்கு 34 வெள்ளி 88 காசு. இரண்டு பேருக்கும் சேர்த்து 100 வெள்ளி 28 காசு. ஓவர்டைம் ஒரு காசு இல்லை. ஆனா இப்போ 90 வாங்குற அக்காவுக்கு வருமானம் குறையும் என்பதால், இதை அவங்களிடம் கேட்டுத்தான் செய்யணும். மத்தியானச் சாவியை நம்ம தொண்டூழியர்களே முறை வைத்து எடுத்துக்கலாம். முதல் பேர் என்னுடையது.

ஒன்று மட்டும் கவனம். இரவுக் காவலாளி மாதிரி, காத்திருப்பதே வேலையாக உள்ளவர்களுக்கு இந்த 60A பிரிவு அப்படியே பொருந்தாது. அவங்க கணக்கைத் தனியாகப் பார்க்கணும். அக்கா காவலாளி இல்லை. அந்தப் பெயரை அவங்களுக்குச் சூட்டித் தப்பிக்கவும் பார்க்காதீங்க. குறைந்தபட்ச சம்பளத்தை மீறினால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம் வரலாம். அது யார் பணம்? நீங்க போட்ட உண்டியல் பணம்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் வருது. பொருளாளர் சம்பளக் கணக்கு வாசிக்கும்போது எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “அக்கா எத்தனை மணிக்கு வர்றாங்க, எத்தனை மணிக்குக் கேட்டைத் தாண்டிப் போறாங்க?” அந்த இரண்டு நேரத்தையும் எழுதி வைக்கிற ஒரு நோட்டுப் புத்தகம் நம்ம ஆலயத்துல இன்னிக்கு வரைக்கும் இல்லை. நாளைக்கு நான் ஒன்று வாங்கி மடப்பள்ளி வாசலில் கட்டித் தொங்கவிடப் போறேன். யாருக்காவது ஆட்சேபனை இருந்தா கீழே சொல்லுங்க.

ஓம் சக்தி.