சின்னமனூர் வரைக்கும் இருபத்தைந்து கேள்வி

கம்பத்திலிருந்து தேனிக்கு ரயில் கிடையாது. 2023-ல் போடி வரைக்கும் வந்த ரயில், கம்பத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் நமக்கு பஸ்தான். காலை பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைப்பது அரசு வேலை கிடைப்பது போல. போன வாரம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த பெண் செல்போனில் எதையோ குத்திக்கொண்டே வந்தாள்.

தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண். குரூப் 4 எழுதப் போகிறாளாம். போக வர இரண்டரை மணி நேரம்தான் படிப்பு. மாதிரித் தேர்வு, நடப்பு நிகழ்வு எல்லாம் செயலியில்தான். உத்தமபாளையம் தாண்டியதும், "ச்சே!" என்றாள்.

"என்னம்மா?"

"வேகத்தடையில தூக்கிப் போட்டதுல விரல் 'பி'யில இருந்து 'சி'க்குப் போயிடுச்சு சார். தப்பு. அரை மார்க் போச்சு."

தப்பு விடைக்கு மார்க் குறைப்பார்களா? குரூப் 4-ல் 200 கேள்வி, மூன்று மணி நேரம், கேள்விக்கு ஒன்றரை மார்க் வீதம் 300. தப்புக்குக் கழிப்பதே கிடையாது. கழிப்பது யூ.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வு ஆசாமிகள். அந்தச் செயலி வடக்கே ஏதோ ஒரு தேர்வுக்குத் தைத்த சட்டையை இவளுக்குப் போட்டு விட்டிருக்கிறது!

முதல் நாள் எழுதிய முழுத் தேர்வைக் காட்டச் சொன்னேன். 140 கேள்விக்குத்தான் விடை. 120 சரி, 20 தப்பு. 60 காலி. 180-ல் தப்புக்குப் பத்து போக, 170 மார்க் என்றது செயலி.

டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். கழித்தல் இல்லையென்றால் 180. விட்ட அறுபதையும் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தால், நாலு விடையில் ஒன்று சரி என்ற கணக்கில் சுமார் பதினைந்து விழும். இருபத்திரண்டரை மார்க். ஆக 202½. ஒன்றுமே கூடுதலாகப் படிக்காமல் 32½ மார்க்! குருட்டு அதிர்ஷ்டம் ஒரு நாள் பத்தாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம், அது வேறு. இரண்டு விடையை நிச்சயமாக ஒதுக்க முடிந்தால் இன்னும் லாபம்.

"பயந்து பயந்து விட்டுட்டேனே சார்" என்றாள். மார்க்கை விட இந்தப் பயம்தான் மோசம். தினம் ஒரு தடவை கழித்துக் காட்டினால், நிஜத் தேர்விலும் கை தானாகப் பின்வாங்கும். 2020-லிருந்து விடைத்தாளில் 'ஈ' என்று ஐந்தாவது வட்டம் வேறு இருக்கிறது, விடை தெரியாது என்று ஒப்புக்கொள்ள. நேர்மைக்கு மார்க் கிடையாது. அதோடு, செல்போனில் தட்டிய விடையை மாற்றலாம். கறுப்புப் பேனாவால் நிரப்பிய வட்டத்தை மாற்ற முடியாது. வட்டம் நிரப்ப ஆகும் நேரத்தை எந்தச் செயலியும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மேஜை போட்டு, காகிதத்தில்தான் முழுத் தேர்வு எழுத வேண்டும். பஸ்ஸுக்கு சின்னமனூர் வரைக்கும் இருபத்தைந்து கேள்வி போதும். அதையும் கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்வது உத்தமம். சிக்னல் நம்மை நம்பிப் பிறந்ததல்ல.

அடுத்து நடப்பு நிகழ்வு. '2023-ல் புவிசார் குறியீடு பெற்ற தேனி மாவட்டத்துத் திராட்சை எது?' நாலு விடை. அவள் தப்பாகத் தட்டினாள். சரியான விடை கம்பம் பன்னீர் திராட்சை.

"எங்கப்பா பந்தல்லதான் சார் வேலை பாக்கறாரு!"

செயலியின் கோளாறு இதுதான். ஒற்றை வரியாகத் தருகிறது, மறுநாள் மறந்து போகிறது. அந்த வரியோடு, புவிசார் குறியீடு என்றால் ஓர் ஊரின் மண்ணோடு ஒட்டிய பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு, சட்டம் 1999-ல் வந்தது, பதிவகம் சென்னையில் என்று மூன்று வரி நோட்டில் எழுதினால், கேள்வியை எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் மாட்டாது. மணப்பாறை முறுக்குக்கும் அதே ஆண்டில்தான். வெறும் வாயில் மென்றால் அதுவும் மனப்பாடம் ஆகாது.

இன்னொரு எச்சரிக்கை. பழைய கேள்வியைப் புதுசு என்று விற்கிற செயலியும் உண்டு. மதுரை ரயில் தேனியோடு நிற்கிறது என்று ஒரு கேள்வி சொன்னது. 2022-ல் சரி, 2023-லிருந்து தப்பு. தேதி போடாத நடப்பு நிகழ்வை, தேதி போடாத பால் பாக்கெட் மாதிரி பார்க்க வேண்டும்.

வீரபாண்டி வந்தது. டிக்கெட்டை வாங்கிப் பத்திரமாக நோட்டில் வைத்துக்கொண்டாள். தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "சார், உங்களுக்கு ஒரு கேள்வி. இந்த பஸ் ஸ்டாண்டு யார் பேருல இருக்கு?" என்றாள்.

பலமுறை இறங்கியிருக்கிறேன். அண்ணாந்து போர்டைப் பார்த்தேன். பென்னிகுவிக்.

"பாத்து எழுதினா மார்க் கிடையாது சார்" என்று போய்விட்டாள்.