அழகான சுவரை முதலில் செய்யாதீர்கள்

எங்கள் விளையாட்டில் தாழ்வாரத்தை ஒருமுறை சுற்றிவந்தால், கடைசி இரண்டு சுவர்களும் சேரவேண்டிய மூலையில் பத்து சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தது. என் தங்கச்சி கன்ட்ரோலரைப் பிடித்தபடி அந்த மூலைக்குப் போய் நின்றாள். "அண்ணா, இதுக்குள்ளால வானம் தெரியுது. கட்டிடம் பிளந்து போச்சோ?" என்று கேட்டாள். நூலகத்தின் இளையோர் காட்சி நாளுக்குப் பத்து நாட்கள்தான் இருந்தன. நான்கு மாடி காட்டுவதாகச் சொல்லியிருந்தோம்.

நாங்கள் மூன்று பேர். வளர்ந்த அடுக்குமாடிக் கட்டிடத்தைப் போலவே ஒன்றை பிளெண்டரில் செய்து, கொடோ எஞ்சினில் அடுக்கிக்கொண்டிருந்தோம். சுவர், கதவுச் சுவர், யன்னல் சுவர், மூலை என்று கொஞ்சத் துண்டுகளைச் செய்துவிட்டு, அவற்றையே திரும்பத் திரும்ப வைத்து முழு மாடியையும் கட்டுவதுதான் திட்டம். லெகோ மாதிரி. இப்படிப்பட்ட துண்டுத் தொகுதியைத்தான் மொடியூலர் கிட் என்கிறார்கள். சுவர்களுக்குப் பொறுப்பு நான். முதல் இரண்டு கிழமையும் ஒரே ஒரு சுவரில் செலவழித்தேன். உரிந்த பெயின்ட், மஞ்சள் கறை, அடியில் ஓடும் மரப்பட்டி எல்லாம் அச்சொட்டாக இருந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

அதுதான் பிழை என்று இப்போது நினைக்கிறேன். ஒரு சுவர்த் துண்டின் அழகு அதன் நடுவில் இருக்கிறது. அது வேலை செய்யுமா இல்லையா என்பதை அதன் இரண்டு நுனிகளும் தீர்மானிக்கின்றன. நுனிகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

முதலில் அந்தப் பத்து சென்ரிமீற்றர் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சுவர்த் துண்டு சரியாக 4 மீற்றர் நீளம். கதவுத் துண்டை கடைசியில் அவசரமாகச் செய்தேன். கதவு நிலை கொஞ்சம் நெருக்கமாகத் தெரிந்ததால், முழுத் துண்டையும் கண்மட்டத்தில் ஒரு துளி இழுத்துவிட்டேன். அது 4.02 மீற்றர் ஆகிவிட்டது. இரண்டு சென்ரிமீற்றரை யார் கவனிப்பார்கள்? தாழ்வாரத்தின் வடக்குப் பக்கத்தில் ஆறு கதவுகள், தெற்கில் ஒன்று. ஒரு துண்டின் நுனியில் அடுத்த துண்டின் நுனியை ஒட்டி ஒட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு கதவும் தனக்கு அடுத்ததை 2 சென்ரிமீற்றர் தள்ளியது. வடக்கு 12 சென்ரிமீற்றர் நீண்டது, தெற்கு 2. மிச்சம் 10. கணக்கு அவ்வளவுதான்.

அதைவிட மோசம், நான் அதைத் திருத்திய விதம். கதவுத் துண்டைப் பார்க்காமல், இடைவெளிக்குப் பக்கத்தில் இருந்த சுவரை இழுத்து மூடினேன். அந்தச் சுவரின் கறைகள் மட்டும் அகலமாயின. பிறகு அந்த மாடியை அப்படியே படியெடுத்து மேலே வைத்தோம். மேல்மாடியில் கதவுகளின் எண்ணிக்கை வேறு என்பதால் அங்கே பிசகும் வேறு. மின்தூக்கிக் குழாய் இரண்டு மாடிக்கும் நேராக வரவில்லை. ஓர் இடைவெளியை மூடப்போய், கட்டிடம் முழுவதும் பிசகிவிட்டது.

நுனியோடு நுனியை ஒட்டினால் ஒரு துண்டின் பிழை அடுத்ததற்கும் போகிறது. கிரிட்டில் வைத்தால் பிழை பிறந்த இடத்திலேயே நிற்கிறது. கிரிட் என்றால் சமமான இடைவெளிக் கோடுகளால் ஆன கண்ணுக்குத் தெரியாத சதுரத்தாள். ஒவ்வொரு துண்டும் அந்தக் கோடுகள் வெட்டும் புள்ளிகளில் மட்டுமே போய்க் 'கிளிக்' என்று உட்காரும். நான் அப்படி வைத்திருந்தால், அந்த 4.02 மீற்றர்க் கதவு தன் பக்கத்துச் சுவருக்குள் 2 சென்ரிமீற்றர் நுழைந்திருக்கும். ஒரே தளத்தில் இரண்டு முகங்கள் மோதுவதால் அந்த இடம் மினுங்கித் துடித்திருக்கும். அசிங்கம்தான், ஆனால் எந்தத் துண்டு பிழை என்று முதல் நாளே தெரிந்திருக்கும்.

சரி, கிரிட் எவ்வளவு? நான் அளவுநாடாவோடு எங்கள் கட்டிடத்தையே அளந்தேன். தாழ்வாரம் 5 அடி, கதவு 36 அங்குலம், கூரை 8 அடி. அதை மீற்றருக்கு மாற்றினால் 1.52, 0.91, 2.44 என்று எதற்கும் பொருந்தாத எண்கள் வருகின்றன. உண்மையான அளவு வேண்டும் என்று குழுவில் சண்டை வேறு போட்டேன். விளையாடிப் பார்த்தபோது, பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கமரா அந்த ஐந்தடிக்குள் சுவரில் இடித்துக்கொண்டே வந்தது. கடைசியில் 2 மீற்றர் கிரிட்டுக்கு ஒத்துக்கொண்டேன். முழுச் சுவர் 4, அரைச் சுவர் 2, மாடிக்கு மாடி 3 மீற்றர். விளையாடியவர்கள் யாரும் "உங்கட தாழ்வாரம் அகலம்" என்று சொல்லவில்லை.

அடுத்தது பிவட். எஞ்சின் ஒரு துண்டை எந்தப் புள்ளியில் பிடித்து வைக்கிறதோ, திருப்புகிறதோ, அது. பிளெண்டரில் அதன் பெயர் Origin. பலர் அதைத் துண்டின் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். 4 மீற்றர்ச் சுவருக்கு அது பிரச்சினை தராது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 2 மீற்றர் என்பதால் நுனிகள் கோட்டில் விழும். ஆனால் 2 மீற்றர் அரைச் சுவருக்கு நடுவில் பிவட் இருந்தால், நுனிகள் 1 மீற்றரில், இரண்டு கோடுகளுக்கு நடுவே போய் நிற்கும். பிறகு அந்தத் துண்டுக்கு மட்டும் ஸ்நாப்பை 1 மீற்றராக மாற்றுவீர்கள், மறுபடி 2 ஆக்க மறப்பீர்கள். எல்லாத் துண்டுக்கும் பிவட்டை இடது நுனியில், தரைமட்டத்தில், சுவரின் தடிப்புக்கு நடுவில் வையுங்கள். அப்போது 90 பாகை திருப்பினாலும் மறு நுனி கோட்டிலேயே விழும்.

தடிப்பு என்று சொன்னேன் அல்லவா, பெரும்பாலான வீடியோக்கள் தாண்டிப்போகிற இடம் அதுதான். கோட்டுக்குத் தடிப்பு இல்லை, சுவருக்கு உண்டு. எங்கள் சுவர் 20 சென்ரிமீற்றர். கோட்டின் இரண்டு பக்கமும் பத்துப் பத்தாக விட்டோம், ஏனென்றால் ஆட்டக்காரர் தாழ்வாரத்திலிருந்தும் வீட்டுக்குள் இருந்தும் அதே சுவரைப் பார்ப்பார். ஆகவே 2 மீற்றர்த் தாழ்வாரத்தில் நடக்கக் கிடைப்பது 1.8. இப்போது இரண்டு சுவர்களை மூலையில் சேர்த்துப் பாருங்கள். உள்ளே ஒன்றுக்குள் ஒன்று ஏறி, பார்வைக்குச் சரியாக இருக்கும். வெளியே போய்ப் பார்த்தால், மூலையில் 10க்கு 10 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்று வெட்டி எடுத்ததுபோல் காணாமல் போயிருக்கும். கடதாசியில் இரண்டு தடித்த கோடு வரைந்தால் புரிந்துவிடும்.

அதை நிரப்ப ஒரு தூண் வேண்டும். நான் முதலில் 20க்கு 20 தூண் செய்தேன். அதன் முகங்கள் சுவரின் முகங்களோடு சரியாக ஒரே தளத்தில் வந்ததால், கமரா அசையும்போதெல்லாம் மூலைகள் மினுங்கின. 24க்கு 24 ஆக்கினேன். சுவரைவிட 2 சென்ரிமீற்றர் வெளியே தள்ளி நிற்கிறது, மினுக்கம் போய்விட்டது, அந்தக் காலத்துக் கட்டிடத்துக்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது. உட்பக்கத்திலிருந்து மட்டுமே பார்க்கும் குகை, நிலவறை போன்றவற்றுக்குச் சுவரின் உள்முகத்தைக் கோட்டில் வைத்துத் தடிப்பை வெளியே விடலாம். ஆனால் அப்படிச் செய்தால் இரண்டு அறைகளை முதுகோடு முதுகாக ஒட்ட முடியாது, ஒன்றின் தடிப்பு மற்றதற்குள் போய்விடும்.

இவ்வளவையும் சாம்பல்நிறப் பெட்டிகளை வைத்தே ஒரு பின்னேரத்தில் முடிவு செய்யலாம். பெயின்ட் வேண்டாம், கறை வேண்டாம். சுவர், அரைச் சுவர், கதவு, தூண் என்று நான்கு பெட்டிகள். அவற்றால் ஒரு தாழ்வாரத்தை வளையமாகக் கட்டுங்கள். ஒரு பக்கம் கதவு நிறைய, எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லாமல். வளையம் மூடினால் கிட் சரி. கொடோவில் ஒவ்வொரு துண்டின் Position எண்களையும் பாருங்கள். எங்களுக்கு அவை 2, 4, 8 என்று இரண்டின் மடங்காக வரவேண்டும், 7.98 என்று எங்காவது கண்டால் அங்கே யாரோ கையால் தள்ளியிருக்கிறார்கள். பிளெண்டரிலிருந்து அனுப்புமுன் Apply Scale செய்துவிட்டு, துண்டுகளைத் தெரிவுசெய்து இதை ஓடவிடுவேன்:

```python
import bpy
for o in bpy.context.selected_objects:
    xs = [v.co.x for v in o.data.vertices]
    print(o.name, round(min(xs), 4), round(max(xs), 4))
```

முழுச் சுவர் என்றால் 0.0, 4.0 என்று வரவேண்டும். 4.02 என்று வந்தால் அது கொடோவுக்குள் போகாது. ஆனால் இது நீளத்தை மட்டும்தான் பார்க்கும். எங்கள் கதவுத் துண்டின் மரப்பட்டி 12 சென்ரிமீற்றர் உயரம், சுவருடையது 10. நீளம் சரியாக இருந்தும் ஒவ்வொரு கதவடியிலும் சின்னப் படி ஒன்று தெரிந்தது. இப்போது ஒரே நுனியை எல்லாத் துண்டுக்கும் படியெடுத்து, நடுவை மட்டும் மாற்றுகிறேன்.

"எல்லாம் கிரிட் என்றால் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்குமே" என்று எங்கள் குழுவில் ஒருத்தி கடைசிவரை சொன்னாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2013இல் GDC மாநாட்டில் ஸ்கைரிம் விளையாட்டின் கிட்கள் பற்றிப் பேசிய ஜோயல் பர்ஜஸும் நேதன் பர்கிபைலும்கூட, திரும்பத் திரும்ப அதே துண்டைப் பார்ப்பதால் வரும் சலிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சலிப்புக்கு மருந்து சுவரை நகர்த்துவது அல்ல. வாசலில் கிடக்கும் செருப்புகள், ஒரு கதவில் மட்டும் தொங்கும் மாவிலைத் தோரணம், எரியாத ஒரு விளக்கு இவற்றுக்குக் கிரிட் தேவையில்லை. அவற்றை எப்படியும் சரித்து வைக்கலாம்.

நாங்கள் கடைசியில் கதவுத் துண்டைத் திருத்தி, இழுத்த சுவர்களையெல்லாம் அழித்து, சாம்பல் பெட்டிகளிலிருந்து மறுபடி தொடங்கினோம். காட்சி நாளுக்கு இரண்டு மாடிகள்தான் முடிந்தன. வளைந்த படிக்கட்டு மட்டும் எந்தக் கோட்டுக்கும் அடங்கவில்லை. அதைத் தனித் துண்டாகச் செய்து, மேல்வாசலும் கீழ்வாசலும் மட்டும் கிரிட்டில் விழும்படி விட்டிருக்கிறோம்.