ஆறு நொடிக் கணக்கும் அரைகுறை ஆலோசனையும்

கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களுக்காகப் பணிவாய்ப்புப் பயிற்சியாளர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அவருடைய வாதம் இதுதான்: விண்ணப்பங்களைச் சலிப்பவர் உங்கள் கடிதத்தை ஆறு நொடிதான் பார்ப்பார், ஆகவே கடிதத்தில் வாக்கியங்களே வேண்டாம், தகுதிச் சொற்களைத் தடித்த எழுத்தில் அடுக்குங்கள், துறைத் தலைவரை நேர்காணலில் சமாளித்துக்கொள்ளலாம், ஒரே கடிதத்தில் இருவரையும் திருப்திப்படுத்த முயல்பவர் இருவரையும் இழப்பார். வேதியியல் துறைத் தலைவராக இருந்து இப்படிப்பட்ட கடிதங்களை வரிவரியாகப் படித்தவன் நான். இந்த ஆலோசனை தவறு. தகுதியுள்ள பிள்ளைகளின் வாய்ப்பைக் கெடுக்கும் தவறு.

முதலில் அந்த ஆறு நொடியை எடுத்துக்கொள்வோம். லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனம் 2012இல் 30 பணியமர்த்துநர்களின் கண்ணசைவை அளந்து வெளியிட்ட எண் அது. 2018இல் அதே நிறுவனம் மறுபடி அளந்தபோது 7.4 நொடி என்று வந்தது. இரண்டு முறையும் அளந்தது தன்விவரக் குறிப்பைத்தான், கடிதத்தை அல்ல. அளந்தது தனியார் நிறுவன வேலைக்கு ஆள் எடுப்பவர்களை. கல்லூரி அலுவலகத்தை அல்ல. இந்த எண்ணைக் கொண்டுவந்து நம் ஊர்க் கல்லூரியின் விண்ணப்பக் கடிதத்தின் மேல் வைப்பதற்குப் பயிற்சியாளரிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

நம் கல்லூரிகளில் முதலில் சலிப்பவர் யார்? பெரும்பாலும் அலுவலகக் கண்காணிப்பாளர். அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். முதுகலையில் 55 விழுக்காடு இருக்கிறதா, நெட் அல்லது செட் தேர்ச்சியோ விதிமுறைப்படி பெற்ற பிஎச்.டி.யோ உண்டா, எந்தப் பாடம், எத்தனை ஆண்டு அனுபவம், எந்தப் பணியிடம். யூஜிசியின் 2018 விதிமுறை கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான். அவர் தேடுவது ஐந்தாறு விவரங்கள். அவை கடிதத்தின் பொருள் வரியிலும் முதல் பத்தியிலும், விளம்பரத்தில் உள்ள அதே சொற்களில் இருந்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. ஒரு பக்கத்துக்குள் அதற்குக் கீழே எத்தனை வாக்கியம் இருந்தாலும் அவருக்குத் தொந்தரவில்லை. இந்த ஒரு உண்மையைப் பயிற்சியாளர் பார்க்கவே இல்லை. இரண்டு வாசகர்களும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதாக அவர் நினைத்துக்கொண்டார். அவர்கள் தேடும் இடங்களே வேறு.

முதல் பத்தியில் எது தெளிவாக இருக்க வேண்டும் என்பதையாவது அவர் சொல்லியிருக்கலாம். அங்கேதான் உண்மையில் விண்ணப்பங்கள் விழுகின்றன. விளம்பரம் ‘வேதியியல்’ என்று கேட்கிறது. பட்டம் ‘பயன்பாட்டு வேதியியல்’ என்று இருக்கிறது. கண்காணிப்பாளர் வேதியியல் படித்தவர் அல்ல. சந்தேகம் வந்தால் ஒதுக்கிவிடுவார். இணைத்தன்மைக்கு அரசாணை இருந்தால் அதன் எண்ணை அந்த வரியிலேயே எழுத வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்பவர் ‘பிஎச்.டி.’ என்று மட்டும் தடித்த எழுத்தில் போட்டால், சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் பொய் சொன்னவராக நிற்பார். ‘ஆய்வேடு சமர்ப்பித்தாயிற்று, வாய்மொழித் தேர்வு நிலுவையில்’ என்று எழுதுபவருக்கு அந்த அவமானம் நேராது. ‘மூன்றாண்டு அனுபவம்’ என்று கடிதம் சொல்லி, சான்றிதழ்களைக் கூட்டினால் இரண்டு ஆண்டு ஏழு மாதம் வருவதும் இதே வகைதான்.

இனி பயிற்சியாளரின் சொல்லடுக்குக்கு வருகிறேன். அந்த ஆலோசனையைப் பின்பற்றுகிற ஒருவரின் கடிதம் எப்படி இருக்கும்? ‘எக்ஸ்ஆர்டி, எஸ்இஎம், யூவி-விசிபிள், நானோ பொருட்கள், ஒளிவினையூக்கம், தலைமைப் பண்பு, குழுப்பணி.’ நம் மாநிலத்தில் நானோ துகள்களில் ஆய்வு செய்த யாருமே இப்படி எழுதலாம். துறைத் தலைவருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியாது. எக்ஸ்ஆர்டியை இவரே இயக்கினாரா, பொடியை உறையில் போட்டு வெளி மையம் ஒன்றுக்கு அனுப்பி வரைபடத்தை வாங்கிக்கொண்டாரா? இரண்டும் நியாயமான வழிகள்தான். பல கல்லூரிகளில் இரண்டாவதுதான் நடைமுறை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எந்த வழி என்று சொல்லாத பட்டியலைப் பார்க்கும் துறைத் தலைவர், சொல்லக் கூச்சப்படும் ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அதே ஆய்வை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைக் கொண்டு மெத்திலீன் நீலச் சாயத்தைச் சூரிய ஒளியில் சிதைத்தேன். சிதைவை 664 நானோமீட்டரில் யூவி-விசிபிள் கருவியை நானே இயக்கி அளந்தேன். எக்ஸ்ஆர்டி, எஸ்இஎம் அளவீடுகள் வெளி மையத்தில் எடுக்கப்பட்டவை. எக்ஸ்ஆர்டி தரவிலிருந்து ஷெரர் சமன்பாட்டின்படி படிக அளவைக் கணக்கிட்டது நான்.’ பயிற்சியாளர் அடுக்கச் சொன்ன கருவிப் பெயர் ஒவ்வொன்றும் இதில் இருக்கிறது. தேடினால் கண்காணிப்பாளரின் கண்ணுக்கும் அவை தப்பாது. கூடவே துறைத் தலைவருக்கு வேண்டியதும் இருக்கிறது: எது இவர் கை வேலை, எது இவர் கணக்கு, எது பிறர் அளந்தது. ஷெரர் சமன்பாடு தருவது படிக அளவு. துகளின் அளவு அல்ல. அந்த வேறுபாடு தெரிந்து எழுதியிருக்கிறார் என்பதைத் துறைத் தலைவர் ஒரு சொல்லில் கண்டுகொள்வார். தடித்த எழுத்துப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

கற்பித்தல் பத்தியும் அப்படியே. ‘சிறந்த கற்பித்தல் திறன்’ என்பதை யாரும் நம்புவதில்லை. இரண்டாம் ஆண்டு இளநிலை மாணவர்களுக்கு சால்ட் அனாலிசிஸ் செய்முறை வகுப்பை இரண்டு பருவம் தனியாக நடத்தினேன், இயற்பிய வேதியியலில் வெப்ப இயக்கவியல் பாடத்தை எடுத்தேன் என்று எழுதினால், வரும் பருவத்தில் எந்தத் தாளை இவரிடம் ஒப்படைக்கலாம் என்று துறைத் தலைவர் அப்போதே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். அவர் ஆள் தேடுவதே அதற்காகத்தான்.

‘துறைத் தலைவரை நேர்காணலில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது அந்தக் கட்டுரையின் மிகப் பொறுப்பற்ற வரி. தகுதியானவர்கள் எல்லோரையும் நேர்காணலுக்கு அழைப்பதில்லை. அலுவலகம் சலித்து அனுப்பிய கட்டிலிருந்து யாரை அழைப்பது என்று தீர்மானிக்கும்போது துறைத் தலைவரின் முன் இருப்பவை தாள்கள் மட்டுமே. நேர்காணலை நம்பிக் கடிதத்தைக் காலியாக விடுபவர் அந்த நாற்காலி வரை வரமாட்டார்.

கடிதத்தால் ஆகாதவையும் உண்டு. 54 விழுக்காட்டை எந்த வாக்கியமும் 55 ஆக்காது. இணையப் படிவத்தை மட்டும் கேட்கும் கல்லூரியில் கடிதத்துக்கு வேலையில்லை. ஒரு பக்கத்தைத் தாண்டினால் அலுவலகத்தில் எரிச்சல் வரலாம். சுருக்கம் வேண்டும் என்ற அளவுக்குப் பயிற்சியாளர் சொல்வது சரி.

விண்ணப்பிக்கப்போகும் நீங்கள் அனுப்புவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். முதல் பத்திக்குக் கீழே உள்ளதை மூடிவிட்டு, விளம்பரத்தோடு சேர்த்து வேதியியல் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். கேட்கப்பட்ட தகுதிகள் எல்லாவற்றுக்கும் அவரால் டிக் போட முடிகிறதா பாருங்கள். மீதியை உங்கள் துறையில் உள்ள ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘இதை நீ செய்தாயா, பிறர் செய்தார்களா, எவ்வளவு?’ என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் கடிதத்திலேயே இல்லாத வாக்கியத்தைத் திருத்துங்கள். பயிற்சியாளருக்கும் ஒரு வேண்டுகோள்: எங்கள் மேசைக்கு வரும் கடிதங்களை ஒருமுறையாவது உட்கார்ந்து படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லுங்கள். அதுவரை அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள்.