‘தள்ளுபடி’ என்ற சொல் குற்றவாளி அன்று

‘இலவசம்’, ‘தள்ளுபடி’, ‘சலுகை’ ஆகிய சொற்களைத் தலைப்பு வரியில் எழுதினால் மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் விழும். ஆகவே மர்மமாக எழுதுக. சந்தைப்படுத்தல் வகுப்புகளில் இன்றும் ஓதப்படும் இவ்வறிவுரையின் முதற்பாதி காலாவதியானது, பிற்பாதி தீங்கானது.

சொல்லை வைத்துக் குப்பையைக் கண்டறியும் முறைக்கு 2002இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை பெரும்புகழ் தந்தது. ஆயினும் அம்முறையில்கூட ஒற்றைச் சொல் தீர்ப்பளிக்கவில்லை. ஐயத்துக்குரிய சொற்களும் இயல்பான சொற்களும் சேர்த்தே எடையிடப்பட்டன. இன்று எடை வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மடல்களை ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகியவற்றால் தம் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்றும், விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்றும் 2024 பிப்ரவரி முதல் கூகுள் கோருகிறது. பெறுநர் ‘ஸ்பேம்’ என முறையிடும் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடவே கூடாது, 0.1க்குக் கீழ் இருப்பதே நன்று.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஏலமும் மிளகும் விற்கும் கடையொன்று, ஓண விற்பனைக்காக ஆறாயிரம் ஜிமெயில் வாடிக்கையாளருக்கு ஒரே நாளில் மடல் அனுப்புவதாகக் கொள்க. எல்லாம் உள்பெட்டியை அடைந்தால், பதினெட்டுப் பேரின் முறையீடு போதும், எல்லை தொடப்பட்டுவிடும். ‘உங்கள் ஆர்டர் நிறுத்தப்பட்டுள்ளது’ என்னும் வரி ‘தள்ளுபடி’யைக் கவனமாகத் தவிர்க்கிறது; வடிகட்டியையும் கடக்கக்கூடும். ஆனால் பதறித் திறந்தவர் உள்ளே விற்பனை அறிவிப்பைக் கண்டதும் அழுத்துவது எந்தப் பொத்தானை? பழுது மறுநாள் தெரியும்: கூகுளின் போஸ்ட்மாஸ்டர் கருவியில் முறையீட்டுக் கோடு ஏறியிருக்கும், அடுத்த மடல், அது எவ்வளவு நேர்மையானதாயினும், ஸ்பேம் பெட்டியில் கிடக்கும்.

ஆர்வமூட்டலுக்குப் பொய் தேவை என்பதும் பிழை. அறிந்ததற்கும் அறிய விழைவதற்கும் இடையிலான இடைவெளியே ஆர்வம் என்று 1994இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் விளக்கினார். அறிந்த ஒரு முனை இல்லையேல் இடைவெளியே இல்லை. ‘ஒரு ரகசியம் காத்திருக்கிறது’ என்ற வரியில் பற்றிக்கொள்ள எதுவுமில்லை. மாறாக, ‘பாயசத்துக்குப் பெரிய ஏலக்காய் எதற்கு? ஓணத் தள்ளுபடி 20%’ என்று எழுதினால், எட்டு மில்லிமீட்டர் பருமன் கொண்ட காய்க்குக் கூடுதல் விலை கொடுத்துப் பழகியவர் திறந்து பார்ப்பார். பருமன் பெரும்பாலும் தோற்றத்துக்கான விலை, பொடித்துச் சேர்ப்பதற்குச் சிறு காயே போதும் என்ற விடையை மடலின் முதல் வரியே தந்துவிட வேண்டும். கேள்வி முன்னால் நிற்பதற்கும் காரணமுண்டு: கைப்பேசித் திரை வரியின் வாலை வெட்டிவிடும்.

‘இன்று மட்டும்’ என்றெழுதிவிட்டு நாளையும் அதே விலைக்கு விற்பது தனிக்கதை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுநெறிகள் பொய்யான அவசரத்தை ஏமாற்று உத்திகளுள் ஒன்றாகவே பெயரிட்டுத் தடுக்கின்றன. வகுப்பறைப் பட்டியல்களோ அதனை இன்னமும் ‘சிறந்த எடுத்துக்காட்டு’ என்ற தலைப்பின்கீழ் வைத்திருக்கின்றன.