மொத்த ஆர்டர் என்றால் விலையைக் குறைத்துத்தான் ஆக வேண்டுமா?

“நானூறு சேலைக்கு விவரம் எழுதணும். மொத்தமா தர்றோம், ரேட்டைப் பார்த்துப் போடுங்க.” ஆன்லைனில் சேலை விற்கும் கடையிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததும், எழுதிக் கொடுப்பவர்கள் பலர் கணக்குப் போடாமலே முப்பது சதவீதம் குறைத்துவிடுகிறார்கள். எண்ணிக்கை கூடினால் விலை இறங்குவது இயற்கை விதி என்றே நம்புகிறோம். அச்சகத்தில் அது நியாயம்தான். ஆஃப்செட்டில் நூறு அழைப்பிதழ் அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் பிளேட் செலவும் மெஷினை ஓட்டத் தயார்செய்யும் செலவும் ஒன்றே. அதிகம் அடிக்க அடிக்க அந்தச் செலவு கரைந்துகொண்டே போகும். எழுத்துக்கு அப்படி ஒரு பிளேட் இல்லை. இருப்பதும் மிகச் சிறியது, சீக்கிரமே கரைந்துவிடுவது.

எவ்வளவு சீக்கிரம் என்று பார்ப்போம். எழுதுபவர் தன் ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய் கூலி வைக்கிறார் என்று கொள்வோம். ஒரு சேலையின் படத்தையும் குறிப்பையும் பார்த்து எழுதி, திருத்தி முடிக்க 20 நிமிடம். அதற்கு 100 ரூபாய். கடையின் நடையைப் புரிந்துகொள்வது, மாதிரி எழுதி ஒப்புதல் வாங்குவது, பில் போடுவது என்று தொடக்க வேலைக்கு மொத்தம் 5 மணி நேரம், அதாவது 1,500 ரூபாய். இருபது சேலை மட்டும் என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 75 ரூபாய் தொடக்கச் செலவு ஏறுகிறது. நூறு சேலைக்கு அது 15 ரூபாய். நானூறுக்கு 4 ரூபாய்கூட இல்லை. மிச்சத்தின் பெரும்பகுதி முதல் நூறுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. நூறிலிருந்து நானூறுக்குப் போகும்போது உண்மையில் குறையும் செலவு ஒரு சேலைக்கு வெறும் 11 ரூபாய்.

இப்போது நூறு சேலைக்கு ஒன்று 145 ரூபாய் என்று விலை வைத்திருந்தால், அடக்கம் 115, லாபம் 30. வேலையில்லாத வாரங்கள், காய்ச்சல் வந்த நாட்கள், கணினிச் செலவு எல்லாம் அந்த 30 ரூபாய்க்குள்தான். நானூறு சேலைக்கு 11 ரூபாய் குறைத்து 134 என்றால் லாபம் அப்படியே நிற்கும். இருபது சதவீதம் தள்ளுபடி தந்தால் விலை 116, லாபம் 12 ரூபாயாகச் சுருங்கும். முப்பது சதவீதம் என்றால் விலை 101 ரூபாய் 50 காசு. அடக்கமோ 104-ஐ நெருங்குகிறது. நூற்று முப்பது மணி நேரத்துக்கு மேல் உழைத்து, கூலியிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எழுதியதாக முடியும்.

“ஐம்பது எழுதினால் கை பழகிவிடுமே” என்பார்கள். பழகும், மறுக்கவில்லை. ஆனால் இருநூறாவது மென்பட்டுச் சேலைக்கு வரும்போது ‘நேர்த்தியான ஜரிகை பார்டர்’ என்று ஏற்கெனவே எத்தனை முறை எழுதினோம் என்று தேட வேண்டியிருக்கும். வேகத்தில் மிச்சமான நேரம் அதில் போகும். திருத்தமும் எண்ணிக்கையோடு வளரும். பாதி வழியில் கடைக்காரர் “பிளவுஸ் அளவை முதல் வரியிலேயே போடுங்க” என்றால், முடித்த இருநூறையும் திறக்க வேண்டும்.

அப்படியானால் மொத்த ஆர்டருக்குத் தள்ளுபடியே கூடாதா? கூடும், வேலை உண்மையிலேயே குறைகிற இடத்தில். பட்டியலைத் திறந்து பார்த்தால் நானூறு வரிசையில் தனி டிசைன் 130-தான் இருக்கலாம். மீதி 270-ம் அதே சேலையின் வேறு நிறங்கள். நிறத்துக்கு ஏற்பச் சில வரிகளை மாற்ற ஐந்து நிமிடம் போதும். டிசைனுக்கு 134, நிறத்துக்கு 35 என்று பிரித்தால் மொத்தம் 26,870 ரூபாய். ஒரே விலையாக 145 போட்டிருந்தால் 58,000. கடைக்காரருக்குப் பாதிக்கும் மேல் மிச்சம். எழுதுபவரின் லாபமும் வேலைக்குத் தக்கபடி நிற்கிறது. துணி வகை, நீளம், துவைக்கும் முறை எல்லாவற்றையும் எக்செல்லில் நிரப்பித் தந்தாலோ, ஒரே ஒருவர் ஒரே முறை திருத்தம் சொன்னாலோ இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். குறைந்த விலையை முதல் சேலையிலிருந்தே தருவதுதான் ஆபத்து. நானூறு என்று பேசி அறுபதோடு நிறுத்துபவர்கள் உண்டு. முதல் நூறுக்கு முழு விலை, அதற்கு மேல் எழுதுவதற்கு மட்டும் குறைந்த விலை என்று வைத்தால் அந்த நஷ்டம் நம் தலையில் விழாது.

“நான் குறைக்காவிட்டால் வேறொருவர் குறைப்பார், கையில் இரண்டு மாத வேலை இருக்கிறதே” என்பது வலுவான வாதம். வேலை தேடும் நேரம் மிச்சமாவதற்கும் ஒரு விலை உண்டுதான். ஆனால் பாதிப் பணம் முன்பணமாக வந்தால்தான் அது கையில் இருக்கும் வேலை. முன்பணம் தராமல் தள்ளுபடி மட்டும் கேட்கிறவரிடம் இருப்பது வாய்வார்த்தை. அதை நம்பி இரண்டு மாதத்தை ஒதுக்கி, முழு விலை தரும் சின்ன ஆர்டர்களைத் திருப்பி அனுப்புகிறோம். அடக்கத்துக்கும் கீழே எழுதத் தயாராக இருப்பவருக்கு அந்த ஆர்டர் போகட்டும்.